கிச்சன் பிளக் பாயிண்ட்: எந்த உயரத்துல, எந்த இடத்துல வைக்கணும்னு செவுத்துல காடி எடுக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்றது எப்படி

வீடு கட்டும்போது கிச்சனுக்குள்ள ஆளாளுக்கு ஒரு அளவு சொல்லுவாங்க. எலக்ட்ரீஷியன் "அக்கா, எல்லா வீட்டுக்கும் நாலடியில தான் பாக்ஸ் அடிப்போம்"னுவார், டைல்ஸ் போடுறவர் "இது டைல்ஸ் ஜாயிண்ட்ல வருதே"ன்னுவார், மாடுலர் கிச்சன்காரங்க கடைசியா வந்து "இந்த பாயிண்ட் எங்க கப்போர்டுக்குள்ள போயிடுது மேடம்"னுவாங்க. மூணு பேர் சொல்றதுலயும் தப்பு இல்ல, ஆனா மூணு பேரும் சேர்ந்து ஒரே பேப்பரைப் பார்த்ததே கிடையாது, பிரச்சனை அங்கதான் இருக்கு. எங்க வீட்டுல இவங்களுக்கு நடுவுல அலைஞ்சு அலைஞ்சு ஒரு வரிசை கிடைச்சது, அதைத்தான் இங்க எழுதுறேன். மதுரை பக்கம் கட்டின சாதாரண தனி வீடு, 10க்கு 8 அடி கிச்சன், செங்கல் சுவர், 10 அடி உயரத்துல சீலிங். அந்த அளவையே உதாரணமா வச்சுக்கறேன், உங்க அளவைப் போட்டு நீங்க மாத்திக்கலாம்.

1. முதல்ல பொருள் லிஸ்ட், அப்புறம்தான் பாயிண்ட் எண்ணிக்கை

"கிச்சனுக்கு எத்தனை பாயிண்ட் வேணும்?"னு எலக்ட்ரீஷியன் கேட்டா உடனே அஞ்சு ஆறுன்னு சொல்லிடாதீங்க. வீட்டுல இப்ப இருக்குற பொருள், அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல வாங்கப் போற பொருள் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூணு விஷயம் குறிக்கணும்: அது எங்க உட்காரும், எத்தனை வாட், அதோட பிளக் சின்ன பின்னா பெரிய பின்னா.

வாட் பொருளோட அடியிலயோ பின்னாடியோ ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்லயே இருக்கும். மிக்ஸி 500லேருந்து 750 வாட், டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட் சுமாருக்கு, ஆர்.ஓ. அதை விடக் கம்மி, இதுக்கெல்லாம் 6 ஆம்ப் சின்ன பிளக் போதும். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் பக்கம் வரும், கன்வெக்‌ஷன் மைக்ரோவேவும் ஓ.டி.ஜி.யும் கிட்டத்தட்ட அப்படித்தான், கெட்டில் 1500, இதுக்கெல்லாம் 16 ஆம்ப் பவர் பிளக் வேணும். கணக்கு ரொம்ப சிம்பிள், வாட்டை 230ஆல வகுத்தா ஆம்ப் வந்துடும். 6 ஆம்ப் பிளக்ல 1380 வாட் வரைக்கும்தான், அதுக்கு மேல போறது எதுவா இருந்தாலும் பவர் பிளக்குல தான் போடணும். கன்வெர்ட்டர் பிளக் போட்டு கெட்டிலை சின்ன பாயிண்ட்ல சொருகுனா சாக்கெட் சூடாகி பழுப்பு நிறமா மாறும், பழைய வீட்டு கிச்சன்கள்ல அந்தக் கறையை நிறைய பார்க்கலாம்.

லிஸ்ட் எழுதும்போது எப்பவுமே பிளக்ல சொருகி இருக்குறது எது, எடுத்து வச்சு வேலை முடிஞ்சதும் உள்ள வைக்குறது எதுன்னு பிரிச்சு எழுதுங்க. பிரிட்ஜ், ஆர்.ஓ., சிம்னி, மைக்ரோவேவ், டிஷ்வாஷர் முதல் வகை, ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு பாயிண்ட் வேணும். மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன், கெட்டில், டோஸ்டர் எல்லாம் மேடைக்கு மேல இருக்குற பாயிண்ட்டைப் பங்கு போட்டுக்கும். ஆனா கிரைண்டர்ல மாவு அரைபடும்போது மிக்ஸியில சட்னி ஓடும், நம்ம ஊர் காலை நேரம் அப்படித்தான், அதனால ஒரே நேரத்துல ரெண்டு ஓடும்னு வச்சே கணக்கு போடுங்க.

2. எந்தத் தரையிலேருந்து அளக்குறோம்

இதை மட்டும் சரியா புரிஞ்சுக்கிட்டா பாதி தப்பு நடக்கவே நடக்காது. பைப் போட வர்ற நேரத்துல கிச்சன் தரை வெறும் மண்ணாவோ முதல் காங்கிரீட்டாவோ இருக்கும். அதுக்கு மேல கலவை, அதுக்கு மேல டைல்ஸ்னு வரும்போது தரை 2 இன்ச்லேருந்து 4 இன்ச் வரைக்கும் உயரும். எலக்ட்ரீஷியன் டேப்பை அந்த மொட்டைத் தரையில வச்சு அளந்தா எல்லா பாக்ஸும் அந்த அளவுக்குக் கீழ இறங்கிடும்.

எங்க கிச்சனையே எடுத்துக்கோங்க. தரை 3 இன்ச் உயரப் போகுது. மேடை டைல்ஸ் தரையிலேருந்து 33 இன்ச். மேடைக்கு மேல பிளக்கோட நடு மையம் 43 இன்ச்ல வரணும். மொட்டைத் தரையிலேருந்து 43 அளந்து பாக்ஸ் வச்சா, தரை வேலை முடிஞ்சப்புறம் அது 40 ஆயிடும், பாக்ஸோட கீழ்விளிம்பு மேடைக்கு மேல வெறும் 5½ இன்ச்ல நிக்கும். மேடை ஓரமா 4 இன்ச் கிரானைட் பட்டி ஒட்டினீங்கன்னா சுவிட்ச் பிளேட் அதுமேல உட்கார்ந்த மாதிரி ஆயிடும், பிளக் சொருகினா ஒயர் மடங்கி கிரானைட்ல இடிக்கும், மேடையைத் துடைக்குற தண்ணி எல்லாம் அங்கதான் தெறிக்கும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, மேஸ்திரியை வச்சு லெவல் டியூப் பிடிச்சு கிச்சன் நாலு சுவர்லயும் ஒரு கோடு அடிக்கணும். "முடிஞ்ச தரையிலேருந்து 3 அடி"ன்னு அந்தக் கோட்டுக்குப் பேரு. எங்க கணக்குல மொட்டைத் தரையிலேருந்து 3 அடி 3 இன்ச்ல கோடு. அதுக்கப்புறம் யாரும் தரையிலேருந்து அளக்கவே கூடாது, எல்லாமே கோட்டுலேருந்து மேல இத்தனை கீழ இத்தனைன்னு தான். மேடை பிளக் மையம் கோட்டுக்கு மேல 7 இன்ச், மேடை மட்டம் கோட்டுக்குக் கீழ 3 இன்ச். ஹால் தரை, கிச்சன் தரை, பின்பக்க சர்வீஸ் ஏரியா எல்லாம் எந்த மட்டத்துல முடியப் போகுதுன்னு மேஸ்திரிகிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டு அப்புறம் கோடு அடிங்க, கோடு தப்பானா அதோட சேர்ந்து எல்லாமே தப்பாயிடும்.

மேடை உயரமும் இப்பவே முடிவாகணும். 32லேருந்து 34 இன்ச் தான் இங்க வழக்கம், சமைக்குறவங்க உயரத்தைப் பொறுத்தது. "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டா பிளக் உயரத்தை யாராலயும் சொல்ல முடியாது.

3. மேடைக்கு மேல வர்ற பாயிண்ட்

மேடைக்கும் மேல் கப்போர்டுக்கும் நடுவுல இருக்குற சுவர் தான் உங்களுக்குக் கிடைக்குற இடம். எங்களுக்கு மேடை 33, கப்போர்டோட அடி 55, நடுவுல 22 இன்ச். பாக்ஸோட கீழ்விளிம்பு மேடையிலேருந்து 8 இன்ச் மேல இருந்தா போதும், மையம் 9½, 10 இன்ச் வரும். அதை விடக் கீழ வேண்டாம், தண்ணி தெறிக்கும். ரொம்ப மேலயும் வேண்டாம், கப்போர்டு அடியில லைட் பட்டி ஒட்டினா அதோட ஒயர், அதுக்கு கரண்ட் குடுக்குற டிரைவர் பெட்டி எல்லாம் அங்கதான் வரும், அதோட நீளமா ஒயர் தொங்கினா மிக்ஸி ஜாரை எடுத்து வைக்கும்போது கையில மாட்டும்.

இடம் எப்படிப் பிரிச்சோம்னு சொல்றேன். அடுப்பு கிழக்குச் சுவர்ல, தென்கிழக்கு மூலைக்குப் பக்கமா. அந்தச் சுவர் 10 அடி. மேடையில பதிக்குற அடுப்பு, அதாவது ஹாப், அதோட மையம் தெற்கு மூலையிலேருந்து 3 அடி, ஹாப் அகலம் 2½ அடி, அப்படின்னா அது 1 அடி 9 இன்ச்லேருந்து 4 அடி 3 இன்ச் வரைக்கும் இருக்கும். ஹாப்புக்கு நேர் பின்னாடி எந்த பாயிண்ட்டும் கிடையாது, ரெண்டு பக்கமும் ஒரு அடி தள்ளித்தான் ஆரம்பிக்கணும், எரியுற அடுப்புக்கு மேல ஒயர் தாண்டிப் போற நிலைமையே வரக்கூடாது. எங்களுக்கு மூலைப் பக்கம் ஒரே ஒரு 6 ஆம்ப், மூலையிலேருந்து 9 இன்ச்ல. இன்னொரு பக்கம் 5½ அடியில பவர் பிளக் ஒண்ணு, இண்டக்‌ஷனுக்கும் கெட்டிலுக்கும். 7 அடியில ஒரே பாக்ஸ்ல ரெண்டு 6 ஆம்ப், மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும்.

மிக்ஸி எங்க உட்காருமோ அதுக்கு நேர் பின்னாடி பாயிண்ட் வைக்காதீங்க. ஜாரோட சேர்த்தா மிக்ஸி ஒண்ணரை அடி உயரம், சுவிட்சைப் போட அதைத் தாண்டிக் கையை நீட்டணும். ஒரு அடி பக்கவாட்டுல இருந்தா போதும், மிக்ஸி ஒயர் அது வரைக்கும் தாராளமா வரும்.

சிங்க் வடக்குச் சுவர்ல ஜன்னலுக்குக் கீழ. சிங்க் ஓரத்துலேருந்து பக்கவாட்டுல ரெண்டு அடி வரைக்கும் பாயிண்ட் வேண்டாம்னு முடிவு பண்ணோம். இடம் கம்மியா இருக்குறவங்க ஒரு அடிக்காவது குறையாம பாத்துக்கோங்க. ஜன்னல் பக்கம் இன்னொண்ணையும் கவனிங்க: ஜன்னல் அடிமட்டம் மூணரை அடியில இருந்தா மேடைக்கும் ஜன்னலுக்கும் நடுவுல 9 இன்ச் தான் இருக்கும், அங்க பாக்ஸ் வைக்க இடமே இல்ல. டிராயிங்ல ஜன்னலைப் போடாம பாயிண்ட் மட்டும் குறிச்சிட்டுப் போனா ஜன்னலோரம் சுவரை வெட்டும்போதுதான் தெரிய வரும்.

பாக்ஸ் அளவு பத்தியும் ஒரு வார்த்தை. மாடுலர் சுவிட்ச்ல ஒரு சாக்கெட் ரெண்டு மாடுல், அதுக்கு சுவிட்ச் ஒரு மாடுல், ஒரு பாயிண்ட்டுக்கு மூணு. ரெண்டு பாயிண்ட் வேணும்னா 6 மாடுல் பாக்ஸ். ரெண்டு பவர் பிளக்கை ஒரே பாக்ஸ்ல அடைச்சா தடிச்ச ஒயர் உள்ள மடங்காது, பிளேட் சுவரோட படியாம துருத்திக்கிட்டு நிக்கும், தனித்தனி பாக்ஸா கேளுங்க.

4. சிம்னி

நிறைய பேர் வீட்டுல சிம்னி மாட்டுறப்போ எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கும், ஏன்னா பாயிண்ட் சிம்னிக்குப் பின்னாடியே மறைஞ்சு போயிருக்கும் இல்லைன்னா மேடை பக்கத்துல இருக்கும். இதுக்கு கீழேயிருந்து மேலே ஒரு கூட்டல் கணக்கு போட்டா போதும்.

மேடை 33. ஹாப்பும் அதோட கம்பியும் சேர்ந்து 2 இன்ச், ஆக 35. சிம்னியோட அடிவிளிம்பு அடுப்புக்கு மேல எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு சிம்னி கையேட்டுல போட்டிருப்பாங்க, பெரும்பாலும் 26லேருந்து 30 இன்ச்குள்ள தான் வரும். நாங்க 28 எடுத்தோம், ஆக 63 இன்ச். மேடை மேல வைக்குற சாதாரண கேஸ் அடுப்புன்னா அடுப்பே 5 இன்ச் இருக்கும், சிம்னியும் அந்த அளவுக்கு மேல போகும். சிம்னி உடம்பு நம்ம வாங்கின மாடல்ல 18 இன்ச், ஆக 81 இன்ச்ல முடியுது. அதுக்கு மேல தான் டக்ட்டை மறைக்குற தகரக் கவர், ஒரு அடி அகலத்துல மேல போகும்.

பாயிண்ட் வர வேண்டிய இடம் சிம்னி உடம்புக்கு மேல, கவருக்குப் பக்கவாட்டுல. கவருக்கு உள்ளேயே வச்சா வெளிய தெரியாதுன்னு சிலர் சொல்லுவாங்க, ஆனா உள்ள 6 இன்ச் பைப் போகுது, மீதி இடத்துல பிளக் சொருக முடியாது, ரிப்பேர் பண்ணணும்னா கவரைக் கழட்டணும். அடுப்பு மையத்துலேருந்து 10 இன்ச் தள்ளி வச்சா கவர்ல இடிக்காம நிக்கும்.

உயரம்தான் எங்களுக்கு இழுத்தடிச்சது. 81க்கு மேல கொஞ்சம் விட்டு 87 இன்ச், அதாவது 7 அடி 3 இன்ச்னு முதல்ல குறிச்சோம். அந்த உயரத்துல தான் வீடு முழுக்க லிண்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல வர்ற காங்கிரீட் பட்டி, ஓடுது. 7 அடியில ஆரம்பிச்சு 6 இன்ச் கனம், 84லேருந்து 90 வரைக்கும் காங்கிரீட், உள்ள கம்பி. ரெண்டு இன்ச் ஆழ பாக்ஸை அதுல இறக்கணும்னா காங்கிரீட்டைக் கொத்தி கம்பி வரைக்கும் போகணும், அதைச் செய்யவே கூடாது. கடைசியா மையத்தை 93 இன்ச்ல, லிண்டலுக்கு மேல செங்கல்ல வச்சோம். சிம்னி ஒயர் ஒரு மீட்டராவது இருக்கும், எட்டிடும், ஆனா வாங்கப் போற மாடல்ல ஒயர் நீளம் எவ்வளவு, எந்தப் பக்கம் வெளிய வருதுன்னு கடையில பெட்டியைப் பிரிச்சு ஒரு தடவை பார்த்துக்கோங்க. பின் சின்னதா பெரிசான்னும் பாருங்க, சந்தேகமா இருந்தா ரெண்டும் சொருகுற 6/16 சாக்கெட் போட்டு அதுக்கேத்த ஒயர் இழுத்துடலாம்.

சுவிட்சை மட்டும் அங்க வைக்காதீங்க. ஏழே முக்கால் அடியில இருக்குற சுவிட்சைப் போட தினம் ஸ்டூல் ஏறணும். சாக்கெட் மேல, சுவிட்ச் கீழ மேடை போர்டுல, ரெண்டுக்கும் நடுவுல பைப். இதை பைப் போடுறப்பவே சொல்லணும், அப்புறம் சொன்னா மறுபடி சுவரை வெட்டுவாங்க. பைப் லிண்டலைத் தாண்டுற இடத்துல பூச்சு கனத்துக்குள்ளயே மறையற மாதிரி மேலாகப் போகச் சொல்லுங்க, கம்பியை அறுக்க விடாதீங்க.

டக்ட் ஓட்டையும் இதே கணக்குல சேரும். சிம்னி வாய் 6 இன்ச், சுவர்ல 7 இன்ச் ஓட்டை. லிண்டல் 90ல முடியுது, எங்க பீமோட அடி 108ல ஆரம்பிக்குது, நடுவுல 18 இன்ச் செங்கல். ஓட்டையோட மையம் 97 இன்ச், அதோட அடி 93½, மேல் 100½, லிண்டல்லயும் படல, பீம்லயும் படல. வெளிப்பக்கம் ஒரு துளி சரிவா இருக்கட்டும், மழைத்தண்ணி உள்ள வராது, வெளியில மூடி போட்டுடுங்க, இல்லைன்னா குருவி கூடு கட்டிடும். "4 இன்ச் பிவிசி பைப் கிடக்குது, அதையே போட்டுடலாம்"னு பிளம்பர் சொன்னா ஒத்துக்காதீங்க, வாய் சுருங்கினா சத்தம் கூடும், புகை இழுக்காது. ஒவ்வொரு வளைவுக்கும் இழுப்பு குறையும், அதனால வெளிச்சுவர்ல அடுப்பு இருந்தா நேரா வெளிய விடுறதுதான் நல்லது.

இன்னொரு விஷயம், சிம்னிக்கு ரெண்டு பக்கமும் கப்போர்டு வரும்னா சிம்னி அகலத்தை இப்பவே முடிவு பண்ணுங்க. 60 செ.மீ. சிம்னிக்கு நடுவுல விட்ட இடத்துல 90 செ.மீ. உட்காராது. 60ன்னு நினைச்சு கப்போர்டை நெருக்கினீங்கன்னா மையத்துலேருந்து 10 இன்ச்ல வச்ச பாயிண்ட்டோட பிளேட் கப்போர்டு பலகையை ஒட்டிக்கிட்டு நிக்கும்.

5. பிரிட்ஜ், ஆர்.ஓ., டிஷ்வாஷர்

பிரிட்ஜ் பாயிண்ட்டை பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு அடி உயரத்துல வைக்குறது பழைய வழக்கம். பிளக் துருத்துறதால பிரிட்ஜ் சுவரை விட்டு முன்னாடி வந்து நிக்கும், பிளக்கைக் கழட்டணும்னா ரெண்டு பேர் சேர்ந்து பிரிட்ஜை இழுக்கணும். பக்கவாட்டுல, கண்ணுக்குத் தெரியுற மாதிரி 4 அடி உயரத்துல வையுங்க. ஸ்டெபிலைசர் போடுறவங்க அதை வைக்குற இடத்தையும் யோசிச்சுக்கோங்க. சுவிட்சை மிக்ஸி சுவிட்ச் இருக்குற போர்டுல சேர்க்காதீங்க, அவசரத்துல யாராவது மாத்தி அணைச்சிட்டா அடுத்த நாள் தான் தெரியும்.

ஆர்.ஓ. சுவர்ல மாட்டுறது, சிங்க் பக்கம் தான் வரும். பாயிண்ட் மெஷினோட பக்கவாட்டுல, மேல்பாதி உயரத்துல இருக்கட்டும், எங்களுக்கு 5 அடி. மெஷினுக்கு நேர் கீழ வச்சா என்னைக்காவது ட்யூப் கழண்டு சொட்டுற தண்ணி நேரா சாக்கெட்ல விழும்.

டிஷ்வாஷர் இப்ப இல்லைன்னாலும் ஒரு பாயிண்ட் விட்டு வைக்குறது நல்லது, ஆனா பாயிண்ட் மட்டும் விட்டா போதாது. தனியா நிக்குற 60 செ.மீ. டிஷ்வாஷர் உயரம் 85 செ.மீ. வரைக்கும் இருக்கும், அது 33½ இன்ச். எங்க மேடை 33, கிரானைட் கனம் போக உள்ள 32 இன்ச் தான், அதுல நுழையாது. மேல் பலகையைக் கழட்டி வைக்குற மாடல் வாங்கலாம், இல்லைன்னா அந்த இடத்துல மட்டும் மேடையை உயர்த்தணும். நாங்க யோசிச்சுப் பார்த்துட்டு சர்வீஸ் ஏரியாவுல வச்சுக்கலாம்னு விட்டுட்டோம். மேடைக்கு அடியில தான் வைக்கப் போறீங்கன்னா பவர் பிளக்கை மெஷினுக்குப் பின்னாடி வைக்காம பக்கத்து கப்போர்டுக்குள்ள ஒன்றரை ரெண்டு அடி உயரத்துல வையுங்க, சிங்க் பைப்புக்கு நேர் கீழ மட்டும் வேண்டாம். கட்டி வைக்குற மைக்ரோவேவ், ஓவனுக்கும் இதே மாதிரிதான், பிளக் பின்னாடி இருந்தா மெஷின் உள்ள முழுசா போகாது.

6. ஒயரும் எம்சிபியும்

பாயிண்ட் நிறைய வச்சுட்டு எல்லாத்தையும் ஒரே ஒயர்ல கோர்த்துட்டா பிரயோஜனம் இல்ல. இண்டக்‌ஷன் 2000 வாட்னா 8.7 ஆம்ப். கெட்டில் 1500 வாட்னா 6.5. ரெண்டும் சேர்ந்து 15.2, லோடு கூடினா தானா அணையுற 16 ஆம்ப் எம்சிபியில அப்படியே விளிம்புல நிக்குது. மூணாவதா ஓ.டி.ஜி.யை ஆன் பண்ணா டிரிப் ஆகும். இதனால பவர் பிளக்குகளை ரெண்டு தனி லைனா பிரிக்கச் சொல்லுங்க, சின்ன பாயிண்ட்டெல்லாம் ஒரு லைன், பிரிட்ஜ் தனி லைன். பவர் பிளக் லைனுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர், கிச்சன்ல 3000 வாட் கீசர் வைக்குறீங்கன்னா அதுக்கு மட்டும் 4 சதுர மி.மீ. தனியா. எர்த் ஒயர் எல்லா பாக்ஸுக்கும் வரணும், "சின்ன பாயிண்ட்டுக்கு எதுக்கு"ன்னு கேட்டா கிரைண்டரைத் தொடுற ஈரக் கையைக் காட்டுங்க. கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்குற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி போர்டுல கட்டாயம் கேளுங்க.

இன்வெர்ட்டர் லைன்ல லைட், ஆர்.ஓ. போதும். மிக்ஸியை அதுல கொடுத்தா ஸ்டார்ட் ஆகுற நேரத்துல சின்ன இன்வெர்ட்டர் ஓவர்லோட்னு அணைஞ்சிடும்.

7. கையில இருக்க வேண்டிய பேப்பர்

மூணு பேப்பர் போதும். ஒண்ணு, சிம்னி, ஹாப், டிஷ்வாஷர், ஓவன் மாதிரி நிலையா நிக்குற பொருளோட இன்ஸ்டலேஷன் பக்கம், கம்பெனி சைட்ல கையேடு கிடைக்கும், அளவு படம் இருக்குற பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுங்க. மாடல் முடிவாகலைன்னா பிடிச்ச ரெண்டு மாடலை எடுத்து பெரிய அளவை வச்சு பிளான் பண்ணுங்க. ரெண்டாவது, மாடுலர் கிச்சன்காரங்க குடுக்குற நேர்முகப் படம், சுவரை நேரா நின்னு பார்க்குற மாதிரி ஒவ்வொரு சுவருக்கும் ஒண்ணு. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி படம் தரமாட்டாங்க, நம்ம ஆசாரியே செய்யறார்னா உட்கார்ந்து கையால வரைஞ்சுக்கலாம். மூணாவது அந்தப் படத்துமேலயே நீங்க குறிச்ச பாயிண்ட் பட்டியல்: மூலையிலேருந்து எத்தனை, கோட்டுலேருந்து எத்தனை, 6ஆ 16ஆ, எந்த லைன். மூணு காப்பி எடுத்து எலக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர், கிச்சன்காரர் மூணு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. சும்மா பந்தாவுக்கு இல்ல, கையெழுத்து போடச் சொன்னா தான் படத்தை முழுசா பார்ப்பாங்க.

8. செலவும் நேரமும்

எலக்ட்ரீஷியன் கூலி சதுர அடிக்குப் பேசினா எத்தனை பாயிண்ட் அடக்கம்னு எழுதி வாங்குங்க, பாயிண்ட் கணக்குல பேசினா சாக்கெட் மேல சுவிட்ச் கீழன்னு இருக்குற சிம்னி ஒரு பாயிண்ட்டா ரெண்டு பாயிண்ட்டான்னு முதல்லயே கேட்டுடுங்க, எல்லா சண்டையும் கடைசி பில்லுல தான் வரும். சுவர் வெட்டுற நேரத்துல ஒரு பாயிண்ட் கூட்டினா பாக்ஸ், பைப், ஒயர், சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்து தோராயமா ஆயிரத்துலேருந்து ரெண்டாயிரத்துக்குள்ள முடியும், ஊருக்கும் பிராண்டுக்கும் ஏத்த மாதிரி மாறும். டைல்ஸ் ஒட்டினதுக்கு அப்புறம் அதே பாயிண்ட் வேணும்னா டைல்ஸ் உடைக்கணும், அந்த பேட்ச் கடையில திரும்பக் கிடைக்குறது சந்தேகம், மீதி டைல்ஸ் ஒரு பெட்டி எடுத்து வச்சிருந்தா தப்பிச்சீங்க.

வரிசை இது: சுவர் எழும்பி முடிஞ்சதும் லெவல் கோடு, அப்புறம் சாக்பீஸால பாக்ஸ் அளவுக்கே கட்டம் போட்டு மார்க்கிங், ஒரு ராத்திரி விட்டு மறுநாள் காலையில வீட்டுல சமைக்குறவங்களைக் கூட்டிட்டுப் போய் நிக்க வச்சுப் பாருங்க. எங்கம்மா வந்து நின்னுட்டு "கிரைண்டரை இங்க வச்சா மாவு வழிக்க நான் இடது கையால வழிக்கணுமே"ன்னாங்க, அந்த பாயிண்ட் அப்படியே ரெண்டடி நகர்ந்துச்சு. அதுக்கப்புறம் வெட்டு, பைப், பாக்ஸ், பூச்சு. டக்ட் ஓட்டையைப் பூச்சுக்கு முன்னாடியே போட்டுடுங்க, டைல்ஸுக்கு அப்புறம்னா மெஷின் வச்சு கோர் கட்டிங் தான், அதுக்குத் தனிக் காசு. பூச்சு காஞ்சதும் ஒயர், அப்புறம் டைல்ஸ், பெயிண்ட் முடிஞ்சு கடைசியா சுவிட்ச்.

பாக்ஸ் பதிக்குறப்போ ஆழத்தை கவனிங்க. பூச்சு அரை இன்ச், அதுக்கு மேல டைல்ஸும் அதோட பசையும் அரை இன்ச், ஆக செங்கல்லேருந்து ஒரு இன்ச் வெளிய வரும். செங்கல் மட்டத்துக்கே பாக்ஸைப் பதிச்சா டைல்ஸ் போட்டதும் அது உள்ள போயிடும், பிளேட் ஸ்க்ரூ எட்டாது, நீள ஸ்க்ரூ தேடி அலையணும், பிளேட்டும் ஆடும். கிச்சன்ல டைல்ஸ் வர்ற சுவர், ஹால்ல வெறும் பூச்சு சுவர், ரெண்டுக்கும் ஆழம் வேறன்னு எலக்ட்ரீஷியனுக்கு சுவர் சுவரா காட்டிடுங்க. பாக்ஸ் நேரா உட்கார்ந்திருக்கான்னு ரசமட்டம் வச்சுப் பாருங்க, பூச்சுல சாய்ஞ்ச பாக்ஸ் டைல்ஸ் கோட்டுக்குப் பக்கத்துல பளிச்சுனு தெரியும்.

பூச்சு போடுறதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடிச்சு போட்டோ எடுங்க, டேப்புல எண் தெரியணும், பைப் எந்த வழியா ஓடுதுன்னு முழுசா வரணும். பின்னாடி கப்போர்டு மாட்ட வர்றவங்க டிரில் போடுறதுக்கு முன்னாடி கேக்குற முதல் கேள்வி "இங்க உள்ள பைப் ஓடுதா மேடம்?"ங்கிறது தான், அப்போ போனை எடுத்துக் காட்டிடலாம்.